கதிரை வேண்டாம், வேலை போதும்

பதவி உயர்வை மறுப்பது என்றால் பொதுவாகச் சம்பளத்தையும் மரியாதையையும் வேண்டாம் என்பதாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. உண்மையில் மறுக்கப்படுவது பெரும்பாலும் இவை இரண்டும் அல்ல. கருவியோடும் கணக்கோடும் நாளைக் கழித்த ஒருவர், இனி ஆட்களோடும் கோப்புகளோடும் நாளைக் கழிக்க வேண்டும் என்ற மாற்றத்தைத்தான் மறுக்கிறார். சம்பளம், தரம், அதிகாரம், இடமாற்றம் எல்லாம் ஒரே கடிதத்தில் கட்டாக வருவதால் ஒன்றை மறுக்கும்போது மற்றவையும் கையை விட்டுப் போகின்றன. மறுக்க நினைப்பவர் முதலில் இந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

மன்னாரில் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில்தான் கூர்மையடைந்தது. முன்பு மன்னார்த் தீவில் தொழில்நுட்பப் பதவிகள் மிகக் குறைவு. நீர்ப்பாசனத் திணைக்களம், வீதி அபிவிருத்தி, மின்சார சபை, வைத்தியசாலை ஆய்வுகூடம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுவுள்ள 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். இலங்கை மின்சார சபை தனக்குச் சொந்தமாக அமைத்த முதல் பெரிய காற்றாலைத் திட்டம் அதுதான். ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது, டென்மார்க்கின் வெஸ்ராஸ் நிறுவனம் இயந்திரங்களைத் தந்தது. அதன்பிறகு மன்னார்க் கரையில் காற்றாலை என்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. எங்கு புதுத் தொழில் வருகிறதோ அங்கு அதை ஆழமாகத் தெரிந்தவர்கள் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலரைத்தான் முகாமைக் கதிரையும் முதலில் தேடி வரும்.

எட்டுப் பாகை விலகிய காற்றாலை

எதை விட்டுப் போக மனம் வராமல் ஒருவர் மறுக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காற்றாலைப் பண்ணை ஒன்றின் செயல்திறனைக் கண்காணிக்கும் பொறியியலாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் எந்தப் பண்ணையையும் சேர்ந்த உண்மை மனிதர் அல்ல. ஆனால் அவர் கையாளும் பழுது எந்தப் பண்ணையிலும் வரக்கூடியது.

காற்றாலையின் தலைப்பகுதி காற்று வரும் திசையை நோக்கித் தானாகவே திரும்பும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதன் முதுகில் பொருத்தியிருக்கும் சிறிய காற்றுத் திசைகாட்டி சொல்லும். அந்தத் திசைகாட்டியைப் பொருத்தும்போதோ பின்னர் பராமரிப்பின்போதோ எட்டுப் பாகை விலகிவிட்டால், காற்றாலை எப்போதும் காற்றுக்கு எட்டுப் பாகை சரிந்தே நிற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால் எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. தான் காற்றை நேராகப் பார்ப்பதாகவே இயந்திரம் நம்பிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

இழப்பு எவ்வளவு? காற்றின் வலு, சரிவுக் கோணத்தின் கோசைனை இரண்டு அல்லது மூன்று முறை பெருக்கினால் வரும் அளவுக்குக் குறைகிறது என்று தொழிலில் கணக்கிடுவார்கள். எட்டுப் பாகைக்கு அது ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம். காற்று பலமாக வீசி இயந்திரம் முழுவலுவில் ஓடும் மணித்தியாலங்களில் இந்த இழப்பு தெரியாது. மிதமான காற்றில்தான் தெரியும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒன்றரை சதவீதம் என்று வைக்கலாம். 3.45 மெகாவாட் காற்றாலை ஆண்டில் சராசரியாக 40 சதவீத வலுவில் ஓடினால் சுமார் 1 கோடி 20 இலட்சம் அலகு மின்சாரம் தரும். அதில் ஒன்றரை சதவீதம் 1 இலட்சத்து 80 ஆயிரம் அலகு. பத்துக் காற்றாலைகளில் இதே பழுது இருந்தால் 18 இலட்சம் அலகு. அலகுக்கு 20 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் ரூபா யாருக்கும் தெரியாமல் காற்றோடு போகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஏணியில் ஏற வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் காற்று வேகத்தையும் மின்வலுவையும் வரைபடமாக்கி, ஒரு காற்றாலையின் வளைகோட்டைப் பக்கத்துக் காற்றாலையினதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கரையில் ஒரே காற்றைப் பெறும் இரண்டில் ஒன்று மட்டும் மிதமான காற்றில் தொடர்ந்து தாழ்ந்து நின்றால் சந்தேகம் பிறக்கும். ஆனால் வளைகோடு தாழ்வதற்குத் திசை விலகல் மட்டுமே காரணமல்ல. இறக்கையின் முன்விளிம்பு உப்பும் மணலும் பட்டு அரித்திருக்கலாம். காற்று வேகமானியே பிழையாகக் காட்டலாம். இறக்கை திரும்பும் கோணம் மாறியிருக்கலாம். முன்விளிம்பு அரிப்பானால் இழப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். வேகமானிப் பிழையானால் மின்னுற்பத்தி குறையாது, வரைபடம் மட்டும் பக்கவாட்டில் நகரும். திசை விலகலானால் இழப்பு குறிப்பிட்ட ஒரு நாளில், அனேகமாக ஒரு பராமரிப்பு முடிந்த மறுநாளில், சட்டென்று தொடங்கியிருக்கும். பராமரிப்புப் பதிவேட்டையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அந்த நாள் தெரியும்.

மன்னாரில் இந்த வேலைக்குப் பருவக் கணக்கும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் விடாமல் வீசும்; மார்கழி, தை மாதங்களில் வாடை வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியை ஒட்டியும் காற்று தளரும். கோபுரத்தில் ஏறி போல்டுகளை இறுக்குவதும் எண்ணெய் மாற்றுவதும் திசைகாட்டியைச் சரிபார்ப்பதும் அந்தத் தளர்ந்த வாரங்களில்தான். அந்த வாரங்களைத் தவறவிட்டால் சோளகக் காலம் முழுவதும் பழுதோடு ஓட்ட வேண்டும், அல்லது நல்ல காற்றில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஆகவே பங்குனிக்கு முன்பே எந்தக் காற்றாலையில் எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அதைத் தயாரிப்பவர் இரண்டு மூன்று பருவங்களையாவது அதே இயந்திரங்களோடு கழித்தவராக இருந்தால்தான் பட்டியல் சரியாக வரும்.

கதிரை எடுத்துக்கொள்வது

இந்தப் பொறியியலாளருக்குப் பிரதம பொறியியலாளர் பதவி வருகிறது என்று கொள்வோம். அந்தப் பதவியின் நாள் வேறுவிதமானது. விடுமுறை அனுமதி, ஒழுக்காற்று விசாரணை, கேள்விக்கோரல் கோப்பு, கணக்காய்வு வினாக்களுக்குப் பதில், தொழிற்சங்கத்தோடு பேச்சு, மாவட்டச் செயலகத்தில் கூட்டம், கரையோர மக்களின் முறைப்பாடு. காற்றாலைகளுக்கு எதிராக மன்னாரில் எழுந்த எதிர்ப்புகளை நினைத்தால் கடைசியாகச் சொன்னது சிறிய வேலையே அல்ல. மழைநீர் வடிந்தோடும் வழியைக் கோபுர அடித்தளங்களும் பாதைகளும் மறித்துவிட்டன என்று ஊர் சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கதிரையில் இருப்பவர்தான். இதுவும் திறமை வேண்டிய வேலைதான். அந்தத் திறமை வேறு என்பதே இங்கே விடயம்.

வரைபடம் பார்க்கும் பழக்கம் எவ்வளவு விரைவில் போகும் என்று கேட்டால், அது எவ்வளவு விரைவில் போகிறது என்பதே போகிறவருக்குத் தெரியாது என்பதுதான் பதில். முதல் ஆண்டு பழைய அறிவு கைகொடுக்கும். இரண்டாம் ஆண்டில் கீழே உள்ளவர் சொல்வதைச் சரிபார்க்கும் அளவுக்கு நினைவிருக்கும். கட்டுப்பாட்டு மென்பொருள் ஒருமுறை மாறிவிட்டால் அதன்பிறகு எஞ்சுவது அனுபவக் கதைகள் மட்டுமே. திரும்பி வரும் பாதையும் அனேகமாக இல்லை. கீழிறங்கிப் பழைய வேலைக்கு வருவதை நிறுவனங்கள் தண்டனையாகத்தான் பதிவு செய்கின்றன.

இரண்டாவது ஏணி எங்கே இருக்கிறது

மறுப்பின் விலையைத் தீர்மானிப்பது ஒருவரின் மனவுறுதியைவிட நிறுவனத்தின் அமைப்புத்தான். இலங்கை அரச சேவையில் சில துறைகளில் இரண்டு ஏணிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆசிரியர் சேவையில் ஒருவர் வகுப்பறையிலேயே இருந்துகொண்டு வகுப்பு 3இலிருந்து வகுப்பு 1 வரை ஏறலாம். அதிபர் சேவை தனியானது; அதற்குப் பரீட்சை எழுதிப் போக வேண்டும். எழுதாவிட்டால் யாரும் கேட்பதில்லை. மருத்துவத் துறையில் பிரிவு இன்னும் தெளிவு. விசேட வைத்திய நிபுணர் ஒரு வழி. மருத்துவ நிருவாகம் மற்றொரு வழி. அதற்குப் பட்டப்பின் படிப்பே தனியாக உண்டு. அறுவைச் சிகிச்சை நிபுணர் பணிப்பாளர் ஆகாததற்காக அவரை யாரும் தேங்கிப்போனவர் என்று சொல்வதில்லை.

மின்சார சபையின் பொறியியலாளர் ஏணி பல காலமாக ஒரே வழியில்தான் போனது: பொறியியலாளர், பிரதம பொறியியலாளர், பிரதிப் பொது முகாமையாளர், மேலதிகப் பொது முகாமையாளர், பொது முகாமையாளர். பெயர்களே சொல்கின்றன, பாதியில் பொறியியல் முடிந்து முகாமை தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது. இப்படிப் பிரியும்போது பதவி அமைப்புகள் புதிதாக எழுதப்படும். நிபுணர் ஏணி ஒன்றைக் கேட்பதற்கு அதைவிட ஏற்ற நேரம் இல்லை. எழுதி முடித்த பிறகு கேட்டால் அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டும்.

அத்தகைய ஏணி கனவல்ல. இந்திய விண்வெளி, அணுசக்தித் துறைகளில் விஞ்ஞானிகளின் தர உயர்வு மேலே வெற்றிடம் இருக்கிறதா என்பதைப் பாராமல் அவரவர் செய்த வேலையை வைத்து நேர்முகத்தில் தீர்மானிக்கப்படுகிறது. யாரையும் மேய்க்காத ஒருவரும் உயர்ந்த விஞ்ஞானித் தரத்துக்குப் போகலாம். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே 'ஃபெலோ' என்ற பட்டத்தைத் தொடங்கியது. அதைப் பெற்றவர் கீழ் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

விலைக் கணக்கு

கீழ்மட்டத் தொழில்நுட்பப் பதவிகளில் ஒரு விசித்திரம் உண்டு. பதவி உயர்ந்தால் கையில் வரும் பணம் குறையலாம். பல நிறுவனங்களில் நிறைவேற்றுத் தரத்துக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. அடிப்படைச் சம்பளம் 90 ஆயிரம், மேலதிக நேரம் 40 ஆயிரம் என்று மாதம் 1 இலட்சத்து 30 ஆயிரம் பெறும் தொழில்நுட்பவியலாளர் ஒருவரை வைத்துக்கொள்வோம். உயர்வு கிடைத்தால் அடிப்படை 1 இலட்சத்து 20 ஆயிரம், பதவிப்படி 5 ஆயிரம். மாதம் 5 ஆயிரம் நட்டம். இவை விளக்கத்துக்காக வைத்த எண்கள். ஆனால் இந்த அமைப்பு பலருக்கும் பழக்கமானது. 'வேலையை நேசிக்கிறேன்' என்று மறுப்பவர்களில் சிலர் மேலதிக நேரத்தைத்தான் நேசிக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு சேர்க்கப்படுவதில்லை. தொழில் கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்துவது மேலதிக நேரம் சேராத சம்பளத்தை வைத்துத்தான். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அடிப்படையில் உள்ள வித்தியாசம் மட்டுமே 30 ஆயிரம் ரூபா; அதன் 20 சதவீதம் மாதம் 6 ஆயிரம்; 15 ஆண்டுகளில் வட்டி இல்லாமலே 10 இலட்சத்து 80 ஆயிரம். ஆக, மறுப்பவர் இன்று மாதாமாதம் மிச்சம் பிடிப்பதுபோல் தோன்றும் 5 ஆயிரத்தை ஓய்வுக்காலத்தில் திருப்பிக் கட்டுகிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்த மேலதிகப் பணத்தில் ஒரு பங்கை அவராகவே சேமித்தால் கணக்கு சரிப்படும். தெரியாமல் மறுப்பவர்தான் 60 வயதில் அதிர்ச்சி அடைவார்.

பணத்தைவிட நுட்பமான விலை மூப்பு வரிசை. இந்திய மத்திய அரசின் விதிகள் இதைத் திறந்து சொல்கின்றன. 1981 அக்டோபரில் வெளியான ஆணைப்படி, மறுப்புக்கான காரணம் ஏற்கப்பட்டால் ஓராண்டுக்கு அந்தப் பதவி மறுபடி வழங்கப்படாது. அதற்குள் பதவி பெற்ற இளையவர் மூத்தவராகிவிடுவார். அதைவிடக் கடினமானது இன்னொரு விதி. வெற்றிடம் இல்லாமல் தேங்கியவர்களுக்கு 10, 20, 30 ஆண்டு சேவையில் சம்பளத் தர உயர்வு தரும் திட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. பதவி உயர்வு வந்தும் மறுத்தவர் தேங்கியவராகக் கருதப்படமாட்டார். அந்தச் சம்பள உயர்வு அவருக்குக் கிடையாது. இந்த அணுகுமுறையில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிபுணராக இருப்பதைத் தெரிவாக அல்லாமல் தேக்கமாக மட்டுமே அது பார்க்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே 'பதவி உயர்வு உரிமைவிடல்' என்பது அன்றாடச் சொல்லாகிவிட்டதற்கும், அதை எழுதிக் கொடுக்குமுன் பலர் இரவு முழுவதும் விதிப் புத்தகம் புரட்டுவதற்கும் இத்தகைய விதிகள்தான் காரணம்.

இலங்கையில் இதற்குப் பார்க்க வேண்டியது அந்தந்தச் சேவையின் பிரமாணக் குறிப்பு. வருடாந்தச் சம்பள ஏற்றம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது, வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை தொடர்ந்து எழுத வேண்டுமா, தரமுயர்வும் பதவி நியமனமும் ஒன்றா வேறா என்ற மூன்றையும் அதில் தேடிப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

ஊரா, வேலையா

மன்னாரில் மறுப்பவருக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிமாவட்டத்திலிருந்து வந்து பணிசெய்பவருக்குப் பதவி உயர்வு என்பது தீவிலிருந்து வெளியேறும் வழி. மன்னாரில் பிறந்தவருக்கோ அது ஊரை விட்டுக் கொழும்புக்கு ரயிலேறுவது. ஆகவே ஊரவர் ஒருவர் மறுத்தால் மேலதிகாரி முதலில் நினைப்பது, "வீட்டை விட்டுப் போக மனமில்லை" என்பதுதான். வீட்டில் நினைப்பது வேறு. "கதிரை தேடி வருது, வேண்டாம் எண்டு சொல்லுறவன் ஆர்?" என்று மாமன்மார் கேட்பார்கள். பெண் பொறியியலாளரானால் பிள்ளைகளைக் காரணமாக மற்றவர்களே எழுதிக்கொள்வார்கள். அவர் காற்றாலையைக் காரணமாகச் சொன்னாலும் நம்புவது கடினம்.

இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். அதே பிரதம பொறியியலாளர் பதவி மன்னாரிலேயே கிடைத்தால் ஏற்பாரா? ஏற்பேன் என்றால் மறுப்பது இடமாற்றத்தை மட்டுமே. அதற்கு வழி வேறு, இடமாற்றச் சபையிடம் பேசுவது. அப்போதும் வேண்டாம் என்றால்தான் இது முகாமையை மறுப்பது. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதியவர்கள் பின்னர் வருந்துவார்கள். குடும்பக் காரணம் என்று ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், பிள்ளைகள் வளர்ந்ததும் காரணம் தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை அனுப்புவார்கள்.

கடிதமும் அதற்கு முன்னும்

மறுப்புக்கு நேரம் முக்கியம். நியமனக் கடிதம் வந்த பிறகு மறுத்தால் வெற்றிடம் மாதக்கணக்கில் நிரம்பாது, பட்டியலில் அடுத்தவர் தவித்துக்கொண்டிருப்பார், பெயரைப் பரிந்துரைத்த மேலதிகாரி சங்கடப்படுவார். நேர்முகத்துக்குப் பெயர் போகுமுன்பே நேரடி மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்வதுதான் முறை. அப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ உமக்கு என்ன வேண்டும்?" என்பதாகத்தான் இருக்கும். பலர் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். வேண்டாம் என்பதை நன்றாக யோசித்தவர்கள், வேண்டும் என்பதை யோசித்திருப்பதில்லை.

நல்ல கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கும். எந்தப் பதவி மறுக்கப்படுகிறது என்பதைப் பெயரும் திகதியும் இட்டுச் சொல்ல வேண்டும். மறுப்பது அந்தப் பதவியை மட்டுமே, தரமுயர்வையோ சம்பள ஏற்றத்தையோ அல்ல என்று தனி வாக்கியத்தில் எழுத வேண்டும். அதன்பிறகு அடுத்த இரண்டு ஆண்டில் செய்யப்போகும் தொழில்நுட்ப வேலை வர வேண்டும், அளந்து பார்க்கக்கூடிய விதமாக. எல்லாக் காற்றாலைகளின் திசை விலகலையும் அடுத்த சித்திரைக்குள் சரிபார்த்தல், முன்விளிம்பு அரிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பதிதல், மீட்டெடுத்த மின்சாரத்தை அலகில் காட்டும் ஆண்டறிக்கை. மேலே கண்ட 18 இலட்சம் அலகுபோல் ஓர் எண் இருந்தால், 'ஆர்வம்' என்ற சொல் கடிதத்தில் எங்குமே தேவைப்படாது. எத்தனை ஆண்டுக்குப் பிறகு இந்த முடிவு மீள்பார்வைக்கு வரும் என்பதையும் சேர்த்தால் கதவு பூட்டப்படாமல் சாத்தியிருக்கும்.

இன்னொரு வாக்கியம் இலங்கையில் மிக அவசியம். பதவியை மறுத்தவரையே, வேறு ஆள் இல்லையென்று, பதில் கடமைக்கு நியமிக்கும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. ஒருவர் முகாமையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, மறுமாதமே பதில் கடமை என்ற பெயரில் அதே கதிரையில் அமர்ந்து, அந்தத் தரமும் இல்லாமல் தன் வரைபடமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்க நேரலாம். பதில் கடமை ஏற்பதானால் எத்தனை வாரம், எந்தத் திகதி வரை என்று கடிதத்திலேயே எல்லை வைப்பது இதற்குத் தற்காப்பு.

கியோட்டோவின் ஊழியர்

இந்த மறுப்பின் மிகவும் அறியப்பட்ட உதாரணம் ஜப்பானில் நிகழ்ந்தது. கொய்ச்சி தனாக்கா 1959இல் தொயாமாவில் பிறந்து, தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து, 1983இல் கியோட்டோவின் ஷிமாட்சு கருவி நிறுவனத்தில் சேர்ந்தார். பெரிய புரத மூலக்கூறுகளை உடைக்காமல் லேசர் கொண்டு ஆவியாக்கி நிறுப்பது அவரிடம் கொடுக்கப்பட்ட சிக்கல். 1985இல் நுண்ணிய கோபால்ட் தூளோடு சேர்க்க வேண்டியதற்குப் பதிலாகத் தவறுதலாகக் கிளிசரினைச் சேர்த்துவிட்டார். தூள் விலையுயர்ந்தது என்பதால் கொட்ட மனமில்லாமல் அதையும் அளந்து பார்த்தார். மூலக்கூறு உடையாமல் எழுந்தது. 2002இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கு அதற்காகக் கிடைத்தபோது 43 வயதான அவர் நிறுவனத்தில் வகித்தது கீழ்மட்ட மேற்பார்வைத் தரம் ஒன்றுதான். பதவி உயர்வுப் பரீட்சைகளை எழுதாமல் அவர் தவிர்த்துவந்தார்; எழுதினால் ஆய்வு மேசையை விட்டு எழும்ப வேண்டிவரும் என்பதே காரணம்.

இதில் அதிகம் பேசப்படாத பகுதி பரிசுக்குப் பின்னால் நடந்தது. நோபல் பரிசு பெற்றவர் கீழ்த்தரத்தில் இருப்பது நிறுவனத்துக்கே கூச்சமாகிப்போனது. இயக்குநர் மட்டத்துக்கு உயர்த்த முன்வந்தார்கள், அவர் ஏற்கவில்லை. கடைசியில் 'ஃபெலோ' என்ற தகுதியை உருவாக்கிக் கொடுத்து, 2003இல் அவருடைய பெயரிலேயே ஆய்வுகூடம் ஒன்றையும் திறந்தார்கள். இரண்டாவது ஏணி இல்லாத நிறுவனம் ஒருவருக்காக அதைச் செய்துகொடுத்தது; ஆனால் அதற்கு நோபல் பரிசு தேவைப்பட்டது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆய்வுகூடத் தலைவராக அவர் ஆட்களையும் வழிநடத்தத்தான் வேண்டியிருந்தது. 2018இல் அல்சைமர் நோயின் அடையாளத்தைச் சிறிதளவு இரத்தத்திலிருந்து கண்டறியும் முறையை 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது அது ஒரு குழுவின் வேலையாகவே இருந்தது. நிபுணத்துவம் ஒரு கட்டத்துக்கு மேல் தனியாளின் கையில் அடங்குவதில்லை. விடுமுறைக் கோப்பை மறுக்கலாம், கற்பிப்பதை மறுக்க முடியாது.

எங்கே பிழைக்கிறது

மறுப்பு பழுதாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். தான் மட்டுமே அறிந்தவர் என்ற நிலையை நிபுணர் மெல்லச் சுவைக்கத் தொடங்குகிறார். திசை விலகலைக் கணக்கிடும் கோப்பு அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கும். அவர் விடுமுறையில் போனால் வேலை நிற்கும். தொடக்கத்தில் இது பாதுகாப்புப்போல் தோன்றும். நிறுவனமோ அவரை அபாயமாகப் பார்க்கத் தொடங்கி, அதே சேவையை வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும். இதற்கு அடையாளம் எளிது: கடந்த பருவத்தில் அவர் இல்லாமல் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தாரா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் மறுப்புக் கடிதத்தில் இரண்டு இளையவரைப் பயிற்றுவது பற்றிய வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இளையவர் மேலதிகாரியாக வருவது மற்றச் சோதனை. மறுத்தவரின் கையில் கற்றவரே ஓரிரு ஆண்டில் பிரதம பொறியியலாளராக வந்து, விடுமுறை விண்ணப்பத்தில் கையெழுத்திடுவார். கூட்டத்தில் "சேர்" என்று விளிக்க வேண்டிவரும். மறுக்குமுன் இந்தக் காட்சியை நினைத்துப் பார்த்து நெஞ்சு நெருடாதவருக்கே மறுப்பு பொருந்தும். நெருடினால் அவர் மறுப்பது முகாமையை அல்ல, முகாமையின் தொந்தரவை. மரியாதை மட்டும் வேண்டும் என்கிறார். அவர் கதிரையை ஏற்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

மறுக்கவே கூடாத சந்தர்ப்பமும் இருக்கிறது. அந்தக் கதிரைக்கு வரக்கூடிய அடுத்தவர் பாதுகாப்பு விதிகளை மதிக்காதவர் என்று தெரிந்திருந்தால், கோபுரத்தில் ஏறுபவர்களின் உயிர் அதில் தங்கியிருக்கிறது. அப்போது வரைபடம் காத்திருக்கலாம்.

கடைசியாக இயந்திரத்தின் வயது. காற்றாலைகள் பொதுவாக 20 முதல் 25 ஆண்டுக்கு வடிவமைக்கப்படுகின்றன. 2020இல் நிறுவியவை 2040களில் கழற்றப்படும் அல்லது புதிய வகையால் மாற்றப்படும். திறப்பு நாளில் 35 வயதாக இருந்த பொறியியலாளருக்கு அப்போது 55 வயதைத் தாண்டியிருக்கும். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாகவே இருக்கும். ஒரே வகை இயந்திரத்தில் மட்டும் நிபுணராக இருந்தவர் அந்த நேரத்தில் வெறுங்கையோடு நிற்பார். காற்று வளக் கணிப்பு, மின்கட்டமைப்போடு இணைக்கும் முறை, பறவைகள் நெருங்கும்போது காற்றாலையை நிறுத்தும் ராடார் ஏற்பாடு என்று இயந்திரம் மாறினாலும் மாறாத பகுதிகளுக்கும் அறிவை விரித்தவருக்குப் புதிய பண்ணையிலும் இடம் இருக்கும். ஆகவே கடிதத்தில் குறித்த மீள்பார்வைத் திகதி வரும்போது கேட்க வேண்டியவை இரண்டு: அந்தப் பதவி இன்னும் வேண்டாமா, கையிலிருக்கும் அறிவு இன்னும் எந்த இயந்திரத்துக்கு உதவும். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் முதலாவதை மறுபடி யோசிக்கலாம். அதற்குள் மூப்பு வரிசையில் எத்தனை பேர் முன்னால் போயிருக்கிறார்கள் என்பதை மூப்புப் பட்டியலைப் பார்த்தே அறிய வேண்டும்.